பல பகடைகளின் சராசரி ஏன் மணி வடிவத்துக்கு வருது?

இந்த மடலில் ஒரு பகடையை மட்டும் வச்சு, புள்ளியியலில் அடிக்கடி வரும் ஒரு தேற்றத்தைப் பார்ப்போம். அதன் பெயர் சென்ட்ரல் லிமிட் தியரம், தமிழில் மைய எல்லைத் தேற்றம்.

ஒரு பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்புதான். பத்தாயிரம் தடவை உருட்டி கிராஃப் போட்டாலும் ஆறு கம்பங்களும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். பலர் குழம்புற இடம் இதுதான். நிறைய தடவை உருட்டுவதால் மட்டும் மணி வடிவம் வராது. சில உருட்டல்களைச் சேர்த்து ஒரு சராசரி எடுக்கணும். அந்தச் சராசரிகளைத்தான் கிராஃபில் போடணும்.

இரண்டு பகடைகளில் தொடங்குவோம். மொத்தம் 36 சேர்க்கைகள். கூட்டுத்தொகை 2 வர ஒரே வழி, 1-ம் 1-ம். ஆனா 7 வர ஆறு வழி இருக்கு. 2 முதல் 12 வரை வழிகளை வரிசையா எழுதினால் 1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2, 1. இது ஒரு முக்கோணம். கூட்டுத்தொகையை இரண்டால் வகுத்தால் சராசரி. வடிவம் மாறாது.

சரி, முக்கோணம் எப்படி மணி ஆகுது? மூன்றாவது பகடையைச் சேர்ப்போம். மொத்தம் 10 வரணும்னா, மூன்றாவது பகடை 1 முதல் 6 வரை எதுவா இருந்தாலும், மீதி இரண்டும் சேர்ந்து 9 முதல் 4 வரை தரணும். அதாவது முக்கோணத்தில் 4 முதல் 9 வரை உள்ள ஆறு எண்களைக் கூட்டினால் போதும்: 3+4+5+6+5+4 = 27. மொத்தம் 3 வர மட்டும் இன்னமும் ஒரே வழிதான்.

மணி உருவாவது இப்படித்தான். புதுசா சேரும் ஒவ்வொரு பகடையும், பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஆறு எண்களைக் கூட்டி, கூர்மையான முனைகளை மழுக்குது. ஓரத்துக்குப் போக எல்லாப் பகடையும் ஒத்துழைக்கணும். நடுவுக்கு வர, ஒன்று பெரிசா விழுந்தா இன்னொன்று சின்னதா விழுந்து ஈடுகட்டினால் போதும். அதனால்தான் நடு உயருது, ஓரம் தேயுது.

நீங்களே ஓட்டிப் பாருங்க:

```python
import random
from collections import Counter

n = 10
c = Counter()
for _ in range(10000):
    c[sum(random.randint(1, 6) for _ in range(n))] += 1
for s in sorted(c):
    print(s / n, "#" * (c[s] // 20))
```

`n`-ஐ 1, 2, 3, 10 என்று மாற்றிப் பாருங்க. சமதளம், முக்கோணம், வளைவு, மணி என்று வரிசையா வரும்.

மணியின் நடு எப்பவும் 3.5. அதன் அகலம் மட்டும் சுருங்கும். ஒரு பகடையின் திட்ட விலக்கம் சுமார் 1.71. சராசரியின் திட்ட விலக்கம் அதை √n-ஆல் வகுத்தது. 4 பகடைக்கு 0.85, 16 பகடைக்கு 0.43. அகலத்தைப் பாதியாக்க நாலு மடங்கு பகடை வேணும். 30 பகடைகளின் சராசரி, நூற்றுக்கு 95 தடவை போல, 2.9-க்கும் 4.1-க்கும் இடையில் விழும்.

"n 30 ஆனால் போதும்" என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அது ஒரு தோராயம்தான். ஐந்து பக்கம் 0, ஒரு பக்கம் 6 உள்ள பகடையை எடுங்க. இரண்டு உருட்டினால் 36-ல் 25 தடவை பூஜ்யம்தான். 30 உருட்டினாலும் மணி வலப்பக்கம் கொஞ்சம் இழுத்தபடியே இருக்கும். நூறு வாக்கில்தான் நல்லா நிமிரும். மூலப் பகடை எவ்வளவு கோணலோ, அவ்வளவு பொறுமை வேணும்.

இன்னொரு நிபந்தனை, உருட்டல்கள் ஒன்றையொன்று பாதிக்கக் கூடாது. 30 பகடைகளும் ஒரே எண்ணையே காட்டும்படி ஒட்டிவிட்டால், சராசரி ஒரு பகடையின் எண்ணேதான். கிராஃப் மறுபடியும் சமதளம் ஆகிடும். நிஜ வேலையில் இது அடிக்கடி நடக்கும். ஒரு சர்வர் திணறும் அந்த ஒரே நிமிஷத்தில் எடுத்த 30 ரெஸ்பான்ஸ் டைமும் சேர்ந்தே ஏறும். பார்க்க 30 அளவு, உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்டுபிடிக்க ஒரு வழி: சராசரிகளின் அகலத்தை அளந்து பாருங்க. √n சொன்ன அளவுக்கு அது சுருங்கலைன்னா, உங்க பகடைகள் எங்கேயோ ஒட்டியிருக்கு.