உரிமத்தின் கடைசி நாள்

நுழையும்முன்

ஒருவருக்கு வேலை தெரிந்திருப்பது வேறு. அவ்வேலையைச் செய்யச் சட்டம் அவருக்கு இசைவு தந்திருப்பது வேறு. முன்னது கையிலும் கண்ணிலும் இருக்கிறது. பின்னது ஒரு தாளில், ஒரு தேதியுடன் இருக்கிறது. அந்தத் தேதியைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இப்பாடம் எழுப்பும் வினா.

நீதிமன்றம் சொன்னது

1999ஆம் ஆண்டு மே மாதம் இமாசலப் பிரதேசத்தில் ஒரு சரக்குந்து விபத்துக்குள்ளானது. ஓட்டுநர் படுகாயமுற்றார். பணியின்போது நேர்ந்த விபத்து என்பதால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் அவர் இழப்பீடு கோரினார். வண்டிக்குக் காப்பீடு இருந்தது. எனவே தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தந்துவிடும் என்று உரிமையாளர் நம்பியிருக்கக்கூடும். ஆனால் விசாரணையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஓட்டுநரின் உரிமம் 1996ஆம் ஆண்டிலேயே காலாவதியாகியிருந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் புதுப்பிக்கப்படாத உரிமத்துடனேயே வண்டி ஓட்டியிருந்தார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த தீர்ப்பு உரிமையாளருக்கு எதிராக அமைந்தது. ஓட்டுநரைப் பணியில் சேர்க்கும்போது உரிமத்தைப் பார்த்ததோடு உரிமையாளரின் கடமை முடிவதில்லை; அவர் தொடர்ந்து பணியில் இருக்கும்போது அந்த உரிமம் உரிய காலத்தில் புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் பார்க்கவேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. முதல் நாளில் உரிமத்தைப் பார்த்தவருக்கு, அது எந்நாளில் முடியும் என்பதும் தெரிந்தே இருக்கும் அல்லவா? பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து நீங்கி உரிமையாளரின் தோளில் விழுந்தது.

இத்தீர்ப்பில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். போலி உரிமம் இல்லை. வண்டி ஓட்டத் தெரியாதவரும் இல்லை. ஒரு தேதி கடந்துபோனது. அதை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

மூன்று ஏடுகள்

மனிதவளத் துறையில் இத்தேதிகளைக் காக்க மூன்று ஏடுகள் பேணப்படுகின்றன. மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருபவை.

முதலாவது பயிற்சிப் பதிவேடு. யாருக்கு, எந்நாளில், எதை, யார் கற்பித்தார், கற்றதை எவ்வாறு சோதித்தறிந்தார் என்பதை அது சொல்லும். வருகைக் கையொப்பம் மட்டும் உள்ள ஏடு பயிற்சிப் பதிவேடு ஆகாது. அது ஒருவர் அறையில் அமர்ந்திருந்தார் என்பதற்கு மட்டுமே சான்று.

இரண்டாவது சான்றிதழ்ப் பதிவேடு. வழங்கிய அலுவலகம், எண், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவை அதில் இருக்கும். பயிற்சி நடந்து முடிந்த செயல். அதன் பதிவு மாறாது. சான்றிதழோ உயிருள்ள பொருளைப்போல ஒரு நாளில் முடிந்துவிடும்.

மூன்றாவது திறன் அணி. கணக்குப் பாடத்தில் நிரைகளும் நிரல்களுமாக எண்களை அடுக்குவதை அணி என்று மாணவர் கற்றிருப்பர், இதுவும் அதுவே. நிரைகளில் பணியாளர், நிரல்களில் பணிகள். இரண்டும் கூடும் கட்டத்தில் ஓர் எண். 0 எனில் அப்பணியை அவர் செய்யலாகாது. 1 எனில் பயிற்சியில் இருக்கிறார். 2 எனில் தனித்துச் செய்வார். 3 எனில் பிறருக்கும் கற்பிப்பார்.

கோட்டுச்சேரியில் ஒரு வண்டிப்பேட்டை

காரைக்கால் பகுதியின் வடபுறத்தில் உள்ள கோட்டுச்சேரியில் ஒரு வண்டிப்பேட்டை இருப்பதாகக் கொள்வோம். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது; நிலவழியில் எத்திசையில் சென்றாலும் சிறிது தொலைவில் தமிழ்நாடு வந்துவிடும். ஆகவே அப்பேட்டையின் ஓட்டுநர்களுள் சிலரது உரிமம் காரைக்காலிலும், சிலரது உரிமம் நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ வழங்கப்பட்டிருக்கும். எந்த ஓர் அலுவலகமும் அனைவரது தேதிகளையும் பேட்டைக்கு நினைவூட்டப்போவதில்லை. பேட்டையே தனக்கென ஓர் ஏடு வைத்திருக்கவேண்டும்.

அங்கு நான்கு ஓட்டுநர்கள். சாதாரணச் சரக்கு ஏற்றும் வண்டிகளும், எரிபொருள் ஏற்றும் தொட்டி வண்டியும் உள்ளன. திறன் அணி இவ்வாறு அமைகிறது.

| ஓட்டுநர் | சாதாரணச் சரக்கு | எரிபொருள் தொட்டி வண்டி | முதலுதவி |
|---|---|---|---|
| முதலாமவர் | 3 | 3 | 2 |
| இரண்டாமவர் | 2 | 2 | 0 |
| மூன்றாமவர் | 2 | 1 | 2 |
| நான்காமவர் | 2 | 0 | 0 |

எரிபொருள்போன்ற ஆபத்தான சரக்கை ஏற்றிச் செல்லச் சாதாரண உரிமம் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 9ஆம் விதிப்படி, போக்குவரத்து வாகன உரிமம் பெற்றிருப்பதோடு, அட்டவணையிலுள்ள இந்திய மொழிகளுள் ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்க அறிந்திருக்கவேண்டும். ஆபத்தான சரக்குப் போக்குவரத்துக்கான மூன்று நாள் பயிற்சியில் தேறிச் சான்றும் பெற்றிருக்கவேண்டும். அதன்பின்னரே உரிமத்தில் அதற்கான மேற்குறிப்பு இடப்படும்.

இங்கேதான் ஏடு எழுதுவோர் பெரிதும் தவறுகின்றனர். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் போக்குவரத்து வாகன உரிமம் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆபத்தான சரக்குக்கான இசைவோ மூன்று ஆண்டுகளே செல்லும். அதனைப் புதுப்பிக்க ஒருநாள் புத்தாக்கப் பயிற்சியும் பெறவேண்டும். ஆக, ஒரே மனிதர், ஒரே அட்டை. முடியும் நாள்களோ இரண்டு. 'உரிமம் முடியும் நாள்' என்று ஒரே நிரலை வைத்திருக்கும் பதிவேட்டில் எழுத்தர் பெரும்பாலும் பிந்திய நாளையே எழுதுவார். ஏடு பசுமையாகக் காட்டும். தொட்டி வண்டியோ இரண்டு ஆண்டுகள் இசைவின்றி ஓடிக்கொண்டிருக்கும். ஆளுக்கு ஒரு வரி என்பதை விடுத்து, இசைவுக்கு ஒரு வரி என்று எழுதுவதே இதற்குத் தீர்வு.

பேட்டையில் முதலாமவரும் இரண்டாமவரும் ஒரே அணியாகச் சென்று பயிற்சி பெற்றவர்கள். இருவருக்கும் 12-06-2024 அன்று மேற்குறிப்பு இடப்பட்டது எனில், 11-06-2027 அன்று முடியும். கணினி விரிதாளில் தொடங்கிய நாள் `C2` கட்டத்தில் இருந்தால் இந்நாளையும், எஞ்சிய நாள்களையும் கீழ்வருமாறு பெறலாம்.

```
D2: =EDATE(C2,36)-1
E2: =D2-TODAY()
```

இவ்வாய்பாடு சரிபார்ப்பதற்கு மட்டுமே. அட்டையில் அச்சாகியிருக்கும் நாளே ஏட்டில் இருக்கவேண்டும். இரண்டும் வேறுபட்டால் யாரோ தவறாக எழுதியிருக்கிறார் என்று பொருள். விரிதாள் மாதத்தை முன்வைத்துப் படிக்கும் அமைப்பில் இருந்தால் 12-06 என்பது டிசம்பர் ஆறு ஆகிவிடும். நாள் 12க்கு மேற்பட்டால் இப்பிழை உடனே புலப்படும்; அதற்குக் கீழெனில் ஓசையின்றி ஒளிந்திருக்கும்.

நினைவூட்டல் யாருக்கு?

நினைவூட்டல் எத்தனை நாள்களுக்கு முன் வரவேண்டும் என்பதை முடியும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் காணவேண்டும். புத்தாக்கப் பயிற்சி எல்லா ஊர்களிலும் எல்லா நாள்களிலும் நடப்பதன்று. மருத்துவச் சான்று பெறவேண்டும். விண்ணப்பம் அலுவலகத்தில் சில நாள்கள் தங்கும். இவற்றைக் கருதி 90, 60, 30 நாள்கள் என்று பேட்டை வகுத்துக்கொள்கிறது.

13-03-2027 அன்று வரும் முதல் நினைவூட்டல் ஓட்டுநருக்கானதன்று. பயிற்சிக்கு இடம் பதியவேண்டிய மனிதவள அலுவலருக்கானது. 12-04-2027 அன்று வருவது ஓட்டுநருக்கு: மருத்துவரைப் பார்த்து விண்ணப்பிக்கும்படி. 12-05-2027 அன்று வருவது வண்டிகளை அனுப்பும் மேலாளருக்கு: அடுத்த மாதம் இவர் தொட்டி வண்டியில் இல்லாமற்போகலாம், மாற்று ஏற்பாடு செய்க என்று. மூன்று செய்தியும் ஒருவருக்கே சென்றால், அவர் விடுப்பில் செல்லும் நாளில் மூன்றும் வீணாகும்.

இசைவு முடிந்த நாளில் என்ன ஆகும்? முன்பு, உரிமம் முடிந்தபின்னும் முப்பது நாள்கள் செல்லும் என்று சட்டம் சலுகை தந்திருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிவிட்டது. 'ஒரு மாதம் பொறுக்கலாம்' என்னும் பழைய நினைவு இன்றும் பல பேட்டைகளில் உலவுகிறது. ஆகவே 12-06-2027 காலையில் திறன் அணியின் அந்தக் கட்டம் தானே 0 ஆகவேண்டும். முதலாமவர் பிறருக்குக் கற்பிக்கும் அளவு தேர்ந்தவராயிற்றே என்று மேலாளர் தயங்கலாம். அவரது திறன் எங்கும் போய்விடவில்லை, இசைவுதான் போயிற்று. எனவே கட்டத்தில் காட்டும் எண்ணைத் திறனும் இசைவும் சேர்ந்தே முடிவு செய்யவேண்டும்.

'புதுப்பித்தாயிற்று ஐயா' என்று ஓட்டுநர் தொலைபேசியில் சொல்வதை நம்பி ஏட்டில் குறித்துவிடுவதும் பெருவழக்கு. விண்ணப்பித்ததையே அவர் புதுப்பித்ததாகக் கருதியிருப்பார். புதிய அட்டையையோ, அரசின் சாரதி தளத்தில் காட்டும் புதிய நாளையோ கண்ணால் கண்டபின்னரே பழைய வரியை மூடவேண்டும்.

இனி அணியை மீண்டும் நோக்கினால், நினைவூட்டல்கள் சொல்லாத ஒன்று தெரியும். தொட்டி வண்டி நிரலில் தனித்து ஓட்டக்கூடியவர் இருவரே. அவ்விருவரும் ஒரே நாளில் பயின்றதால் ஒரே நாளில் காலாவதியாவர். ஒருவரது பயிற்சி தள்ளிப்போனால் மற்றவரதும் தள்ளிப்போகும். தொட்டி வண்டி நின்றுவிடும். ஒரே அணியாக அனுப்பினால் செலவு குறைவு என்று எண்ணிய நாளிலேயே இவ்விடர் விதைக்கப்பட்டுவிட்டது. பேட்டை இருவழிகளில் இதனைச் சீர்செய்கிறது. இரண்டாமவரை மார்ச் மாதத்திலேயே புத்தாக்கப் பயிற்சிக்கு அனுப்பி, விண்ணப்பத்தையும் முன்னதாகவே அளிக்கிறது. பயிற்சியில் இருக்கும் மூன்றாமவரை அதற்குமுன்பே, 2026ஆம் ஆண்டிலேயே, மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்புகிறது. அவரது இசைவு 2029ஆம் ஆண்டில் முடியும்; ஏட்டில் அவருக்கென ஒரு புதிய வரி சேர்கிறது.

கற்பவை கற்றபின்...

1. நான்காமவரின் போக்குவரத்து வாகன உரிமம் 05-09-2023 அன்று ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது எனக் கொண்டு, முடியும் நாளையும் மூன்று நினைவூட்டல் நாள்களையும் கணக்கிடுக. இத்தேதியை விரிதாள் தவறாகப் படித்தால் என்ன விடை வரும்?

2. மேற்கண்ட திறன் அணியின் முதலுதவி நிரலைப் பார்த்து, எந்த இரு ஓட்டுநர்களை ஒரே நாளில் விடுப்பில் அனுப்பலாகாது என்பதைக் காரணத்துடன் எழுதுக.