மூக்குக்கண்ணாடியில் விழும் வெளிச்சம்: படத்தில் கண்ணைக் காப்பது எப்படி?



கல்யாண பயோடேட்டாவுக்கோ குடும்பப் படத்துக்கோ அத்தாவை உட்கார வைத்து எடுக்கிறோம். பிறகு பார்த்தால் டியூப் லைட் வெளிச்சம் அவர் கண்ணாடியில் விழுந்து, வலது கண்ணின் இமையும் கருவிழியில் பாதியும் வெள்ளையாகி இருக்கின்றன. அந்த இடத்தில் கண்ணே பதிவாகவில்லை. கம்ப்யூட்டரில் அழித்தால் கற்பனையாக வரைந்த கண்தான் வரும். அதனால் அத்தா எழுந்து போகும் முன்பே இரண்டாவது படம் எடுத்துவிட வேண்டும்.

கேமராவை ஸ்டாண்டில் வைத்து, தலையை அசைக்காமல் இருக்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் காதுக்கம்பிகளைக் காதுக்கு மேலே அரை அங்குலம் தூக்கி விடுங்கள். லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும்; வெளிச்சமும் கீழே போய்விடும். பெரும்பாலும் இந்தப் படமே போதும்.

அதில் முகபாவம் சரியில்லை என்றால் இரண்டையும் சேர்க்கலாம். போட்டோஷாப்பில் முதல் படத்தை மேலேயும் இரண்டாவதைக் கீழேயும் வைத்து, Auto-Align Layers கொடுங்கள். மேல் படத்துக்கு Layer Mask போட்டு, வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் தடவுங்கள். கீழே உள்ள உண்மையான கண் தெரியும்.

கண்ணாடியைக் கழற்றி எடுத்த படத்திலிருந்து கண்ணை எடுப்பது பவர் குறைவானவர்களுக்கே பொருந்தும். மைனஸ் லென்ஸ் கண்ணைச் சிறிதாகக் காட்டும். மைனஸ் 5 பவர்க்காரருக்குக் கழற்றிய கண்ணை ஒட்டினால், அது மற்றக் கண்ணைவிடப் பெரிதாகத் தெரியும். நன்றாக இருக்கும் கண்ணைத் திருப்பி ஒட்டுவதும் கூடாது. பார்வை மாறுகண் போல ஆகிவிடும்.

வேறு ஃபிரேமில் படம் வேண்டுமென்றால், கண்ணாடிக் கடையில் லென்ஸ் இல்லாத வெற்று ஃபிரேமைக் கேட்டு வாங்கி, அதைப் போட்டே எடுங்கள். லென்ஸ் இல்லாததால் வெளிச்சம் விழ வழியே இல்லை.

கருவிழிக்குள் தெரியும் சிறு வெள்ளைப் புள்ளியை மட்டும் அழிக்காதீர்கள். அது கண்ணின் ஈரத்தில் விழும் ஒளி. அது போனால் கண் உயிரற்றுப் போகும். இரண்டு கண்ணிலும் அந்தப் புள்ளி ஒரே பக்கம் இருக்கிறதா, இமை முடிகள் தெரிகின்றனவா என்று படத்தை 100 சதவீத அளவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

இவையெல்லாம் வீட்டுப் படங்களுக்கு மட்டுமே. பாஸ்போர்ட், விசா படங்களில் முகத்தைத் திருத்தக் கூடாது. தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் படத்தை அங்கேயே எடுப்பார்கள். அப்போது கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். அமெரிக்க விசா படத்தில் 2016 நவம்பர் 1 முதல் கண்ணாடிக்கே அனுமதி இல்லை. அத்தகைய படத்தில் வெளிச்சம் விழுந்தால், திருத்தாமல் திரும்ப எடுப்பதே வழி.