சிவப்பு விளக்கைக் கூட்டினால் ஏன் எலக்ட்ரான் வருவதில்லை?

கேள்வி: கல்லலிலிருந்து தினமும் காரைக்குடிக்குப் போய் இளநிலை இயற்பியல் படிக்கிறேன். ஒளிமின் விளைவு ஒளியின் அதிர்வெண்ணைப் பொறுத்தது, பிரகாசத்தைப் பொறுத்ததல்ல என்று விரிவுரைக் குறிப்பில் இருக்கிறது. வெளிச்சம் கூடினால் ஆற்றலும் கூடும்தானே? ஆய்வகத்தில் விளக்கை ஃபோட்டோசெல்லுக்கு அருகே நகர்த்தியபோது நிறுத்து மின்னழுத்தமும் கொஞ்சம் கூடியது. அப்படியானால் குறிப்பில் இருப்பது தவறா? — வாசகி, கல்லல்

பதில்: குறிப்பு சரி. நீங்கள் பார்த்ததும் உண்மை. இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்று பார்ப்போம்.

வெளிச்சம் கூடினால் மொத்த ஆற்றல் கூடுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எலக்ட்ரானுக்கு மொத்தக் கணக்கு தெரியாது. தன்னிடம் வந்து சேரும் ஒரே ஒரு ஃபோட்டான் எவ்வளவு கொண்டுவருகிறது என்பதுதான் அதற்கு முக்கியம். அந்த அளவை E = hf என்ற சூத்திரம் சொல்கிறது. இதில் f அதிர்வெண், h பிளாங்க் மாறிலி. பிரகாசத்துக்கு இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. பிரகாசத்தைக் கூட்டினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடுமே தவிர, ஒவ்வொன்றின் ஆற்றலும் அப்படியே இருக்கும்.

மழைக்காலத்தில் நம் பக்கத்து வீடுகளின் உயரமான திண்ணையில் ஏறப் பார்க்கும் தவளையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி உயரம் தாவினால் மறுபடி தரையில்தான் விழும். அப்படி நூறு தடவை தாவினாலும் அந்தப் பாதிகள் ஒன்றுசேராது. எலக்ட்ரானும் அப்படியே. போதாத ஆற்றலைப் பெற்றால், அடுத்த ஃபோட்டான் வருவதற்குள் அதை உலோகத்துக்குள்ளேயே இழந்துவிடும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். தூய சீசியத்திலிருந்து எலக்ட்ரானை வெளியே எடுக்கச் சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானில் இருப்பது 1.91 மட்டுமே, அது போதாது. பாதரச விளக்கின் 546 நானோமீட்டர் பச்சையில் 2.27 இருக்கிறது, எலக்ட்ரான் வெளியேறிய பின் 0.17 மிஞ்சும். 405 நானோமீட்டர் ஊதாவில் 3.06 இருக்கிறது, மிச்சம் 0.96. இந்த மிச்சத்தைத்தான் நிறுத்து மின்னழுத்தமாக நீங்கள் வோல்ட்டில் அளக்கிறீர்கள். பச்சையிலிருந்து ஊதாவுக்குப் போகும்போது அதிர்வெண் 1.91 × 10¹⁴ ஹெர்ட்ஸ் கூடுகிறது, மின்னழுத்தம் 0.79 வோல்ட் கூடுகிறது. 0.79-ஐ அந்த அதிர்வெண்ணால் வகுத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் 6.6 × 10⁻³⁴ ஜூல் நொடி வரும். அதுதான் பிளாங்க் மாறிலி. உங்கள் செல்லின் கேத்தோடு வேறு உலோகக் கலவையாக இருந்தால் மிச்சங்கள் மாறும். இந்தச் சாய்வு மாறாது.

ஒளியை அலையாக மட்டும் பார்த்தால் இன்னொரு சிக்கல் வரும். சதுர மீட்டருக்கு ஒரு மைக்ரோவாட் என்ற மங்கலான ஒளியில், ஓர் அணுவின் பரப்பில் விழுவதை மட்டும் சேர்த்து 2.1 எலக்ட்ரான் வோல்ட் திரட்ட வாரக்கணக்கில் ஆகும். ஆனால் 1928-ல் லாரன்ஸும் பீம்ஸும் அளந்தபோது, ஒளி பட்டதற்கும் எலக்ட்ரான் வந்ததற்கும் இடையிலான தாமதம் நொடியில் நூறு கோடியில் 3 பங்கைத் தாண்டவில்லை.

இனி உங்கள் ஆய்வகம். விளக்கை அருகே கொண்டுவந்தால் மின்னோட்டம் கூடும், அது சரி. நிறுத்து மின்னழுத்தத்தை நெருங்கும்போது மின்னோட்டம் சட்டென்று அறுபடாமல், வால் போல மெல்ல இறங்கும். மங்கலான ஒளியில் அந்த வாலின் நுனியை மீட்டரால் காட்ட முடியாது. அதனால் முன்கூட்டியே பூஜ்யம் என்று குறித்துவிடுகிறோம். ஒளி கூடும்போது அதே வால் இன்னும் கொஞ்ச தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. நீங்கள் கண்ட ஏற்றத்துக்கு இதுதான் காரணமாக இருக்கலாம். ஃபில்டர் வழியே கசியும் வேறு நிற ஒளியும் இதே குழப்பத்தைத் தரும்.

இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. மிகச் செறிவான லேசர் துடிப்பில் இரண்டு ஃபோட்டான்கள் ஏறக்குறைய ஒரே கணத்தில் ஒரே எலக்ட்ரானைச் சேரலாம்; அப்போது சிவப்பு ஒளியும் எலக்ட்ரானை வெளியேற்றும். ஆய்வக விளக்கில் அதற்கு வாய்ப்பில்லை.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். முதலில் செல்லை மூடி, மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு ஒரே ஃபில்டரில் இரண்டு விளக்குத் தூரங்களுக்கு, 0.1 வோல்ட் படிகளில் மின்னோட்டத்தைக் குறியுங்கள். ஒவ்வொரு வரிசையையும் அதன் பூஜ்ய வோல்ட் மின்னோட்டத்தால் வகுத்து வரைபடம் போடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் ஏற்றத்துக்குக் காரணம் மீட்டர்தான். படியாவிட்டால் முதலில் விளக்கிலிருந்து வராத வேறு வெளிச்சம் செல்லில் விழுகிறதா என்று பாருங்கள்.