சூரன் என்ன ஆனான்? சபையில் கந்தபுராணம் வாசிக்கப் போறவங்களுக்கு



எங்க ஊர் எக்கியார்குப்பம். ஐப்பசியில உப்பளத்துல வேலை இருக்காது, மழை. அந்த நேரத்துலதான் கந்த சஷ்டி வரும். முதல் தடவையா கோயில்ல மைக் பிடிச்சு, கந்தபுராணத்துல சூரபன்மன் வதைப் பகுதியை நான் வாசிச்சேன். முடிச்சதும் பின்வரிசையில உட்கார்ந்திருந்த ஆயா கூப்பிட்டாங்க. "தம்பி, குரல் நல்லா இருந்துச்சுப்பா. ஆனா சூரன் கடைசியில என்ன ஆனான்னு எனக்குப் புரியலையே!"

சூரன் கடல்ல மாமரமா நின்னதும், வேல் அதை ரெண்டா பிளந்ததும், மயிலும் சேவலும் ஆனதும்தான் அந்தப் பகுதியே! அதையே நான் கேட்கவிடாம பண்ணிட்டேன். என் கையில புத்தகம் இருந்தது, ஆயா கையில இல்லை. இந்த ஒரு விஷயத்தை மறந்ததுதான் என் தப்பு.

எங்கே நிறுத்துறது?

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் 10,345 பாடல்கள் கொண்டது. பழைய பதிப்புகள்ல பாட்டைச் சீர் சீராப் பிரிச்சு அச்சிட்டிருப்பாங்க. சீர் ஓசைக்கான அளவு. அது ஒரு சொல்லையே நடுவுல வெட்டும். உதாரணத்துக்கு நானே ஒரு வரி எழுதுறேன்: "கடலி டைநின்ற மாமரம் பிளந் தெறிந்த வேல்." இடைவெளி விட்ட இடத்திலெல்லாம் நிறுத்தினா யாருக்கும் ஒண்ணும் புரியாது. "கடலிடை நின்ற மாமரம் / பிளந்தெறிந்த வேல்" என்று வாசிச்சா ஆயாவுக்கு மரமும் தெரியும், வேலும் தெரியும்.

அதனால முதல் நாளே பென்சிலோட உட்காருங்க. யாரு, என்ன செஞ்சாங்கன்னு ஒவ்வொரு பாட்டுலயும் கண்டுபிடிங்க. பொருள் கொஞ்சம் நிக்கிற இடத்துல ஒரு கோடு, முழுசா முடியிற இடத்துல ரெண்டு கோடு போடுங்க. வரி முடிஞ்சாலும் பொருள் அடுத்த வரிக்கு ஓடினா, அங்கே கோடு வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக் கோயில்கள்ல இதுக்குப் புராண படனம் என்றே ஒரு முறை இருக்கு. ஒருத்தர் பாட்டை வாசிப்பார், இன்னொருத்தர் பயன் சொல்வார், அதாவது பொருளை விளக்குவார். நம்ம ஊர்லயும் ஒரு நண்பரைப் பக்கத்துல வச்சுக்கலாம். அவர் பொருள் சொல்லத் திணறுற பாட்டு, நீங்க தப்பா பிரிச்ச பாட்டா இருக்கலாம். ஒத்திகையிலேயே அது தெரிஞ்சிடும்.

எந்த எழுத்து முக்கியம்?

எல்லா எழுத்தையும் ஒரே நாள்ல சரி பண்ண முடியாது. பொருளை மாத்துற இடங்களை மட்டும் வட்டம் போடுங்க. வேல் என்றால் ஆயுதம், வேள் என்றால் முருகனே. மரம் சூரன் எடுத்த வடிவம், மறம் வீரம். நம்ம பக்கத்துப் பேச்சுல பழம் "பயம்" ஆகிடும், அதனால ழகரத்தையும் தனியா கவனிங்க. நாக்கு நுனியைப் பின்னால வளைச்சு, மேல்வாயை ஒட்டாம விட்டா ழ வரும். ஒட்டிட்டா ள ஆகிடும்.

எவ்வளவு வேகம்?

போன்ல பதிவு பண்ணிப் பார்த்தேன். நாலு வரிப் பாட்டைப் பத்து வினாடியில முடிச்சிருக்கேன்! இப்போ இருபத்தஞ்சு வினாடி எடுத்துக்கறேன். தெருவுல ரெண்டு இடத்துல குழாய் ஒலிபெருக்கி கட்டினா இன்னும் நிதானம் வேணும். ஒலி ஒரு வினாடியில சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளியிருக்கிற குழாய்ச் சத்தம் கிட்டத்தட்ட கால் வினாடிக்கு மேல தாமதமா வந்து, அடுத்த சொல் மேல விழும். ரெண்டு கோடு போட்ட இடத்துல எதிரொலி அடங்குற வரைக்கும் காத்திருங்க.

பதற்றம் வந்தா?

பதற்றத்துல மூச்சு மேலோட்டமா ஆகும். மூச்சு தீர்றதுக்குள்ள முடிக்கணும்னு வேகம் தானா கூடும். அதனால தொடங்குறதுக்கு முன்னாடி மூச்சை முழுசா வெளியே விடுங்க, உள்ளே வர்றது தானா ஆழமா வரும். முதல் பாட்டு மனப்பாடமா இருக்கட்டும். கை நடுங்கினா புத்தகத்தை முக்காலி மேல வச்சு, வாசிக்கிற வரியில விரலை வைங்க.

தப்பு வந்தா? பொருள் மாறலைன்னா நிக்காம போங்க. மாறிடுச்சுன்னா மன்னிப்பெல்லாம் கேட்காம, அந்த வரியை முதல்ல இருந்து வாசிங்க.

அடுத்த வருஷம் அதே பகுதியை வாசிச்சேன். முடிச்சுட்டு ஆயாகிட்ட போய், "சூரன் என்ன ஆனான் ஆயா?"ன்னு கேட்டேன். ஆயா கொடியையும் வாகனத்தையும் காட்டினாங்க. "அதோ, சேவலாவும் மயிலாவும் அவர்கிட்டயே இருக்கானே!"

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!