முதல் அரை மராத்தான்

கேள்வி: சென்னையில் முதன்முறையாக 21.1 கி.மீ. ஓடப்போகிறேன். இரண்டரை மணி நேரத்தில் முடிக்க முடியுமா?

பதில்: பயிற்சியில் 18 கி.மீ. வரை ஓடியிருந்தால் முடியும். சராசரியாக கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி வேண்டும். கூட்டத்தின் வேகத்தில் பலர் முதல் கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடிவிட்டு, பதினைந்தாவதில் நடக்கிறார்கள். நீங்கள் முதல் 5 கிலோமீட்டரை 7:20 வீதம் ஓடுங்கள். பேசிக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி. பிறகு 16 வரை 7:05. கடைசி 5 கிலோமீட்டருக்கு 35 நிமிடம் மிச்சமிருக்கும். அங்கே கால் கனத்தால் காலடியைக் குறுக்குங்கள், நீட்டாதீர்கள்.

புது ஷூ, புது சாக்ஸ் வேண்டவே வேண்டாம். தொடை உரசும் இடத்திலும் அக்குளிலும் வாசலின் தடவுங்கள். எண் அட்டையை முந்தைய இரவே பனியனில் குத்திவிடுங்கள்.

சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது. அதனால் தாகத்துக்கேற்ப ஓரிரு மடக்கு குடியுங்கள், இடையில் உப்பு கலந்த பானமும் எடுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். வயிறு உப்பி, குமட்டலும் தலைவலியும் வந்தால் மேலும் குடிக்காமல் மருத்துவ முகாமுக்குப் போங்கள். வியர்வை நின்று தலை சுற்றினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள்.