நோய் கண்ட பின்னும் சிகரெட்டா?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வைத்திருக்கும் நம்மவரிடம் ஒரு பேச்சு உண்டு: “வரவேண்டிய வியாதி வந்துவிட்டது. இனிச் சிகரெட்டை விட்டு என்ன லாபம்?” மற்ற நோய்கள் ஒருபுறமிருக்க, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் இந்தக் கணக்கு முற்றிலும் தவறு.

இந்நோய் மலேசியாவில் அரிது. 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி இலட்சம் பேரில் ஏறத்தாழ மூவருக்கே உண்டு. மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நரம்புக்கும் உறை இருக்கிறது. உடலைக் காக்கவேண்டிய அணுக்களே வழிதவறி அவ்வுறையை அரிக்கின்றன. பெரும்பாலோருக்கு முதலில் பார்வை மங்கும், அல்லது கால் மரக்கும். சில வாரங்களில் தெளியும். பின்னொரு நாள் திரும்ப வரும். ஆண்டுகள் சென்றபின் பலருக்கு இரண்டாம் கட்டம் வருகிறது. அதில் தெளிவென்பது இல்லை. நடை மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே போகும். கடைக்காரர் கைத்தடியை நாடும் காலம் பெரும்பாலும் இதுவே.

சுவீடன் நாட்டு வைத்தியர்கள், நோய் கண்டறியப்பட்ட நாளில் புகைத்துக்கொண்டிருந்த 728 பேரை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டனர். புகையை விடாதவர்கள் சுமார் 48 வயதில் இரண்டாம் கட்டத்தை அடைந்தார்கள். விட்டவர்களுக்கோ அது சுமார் 56 வயதில்தான் வந்தது. வித்தியாசம் எட்டு ஆண்டு! நோய் தெரிந்தபின் புகைத்த ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கட்டத்தை நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு விரைவுபடுத்தியது. விட்டவர்கள் வேறு வகையிலும் உடம்பைப் பேணியிருக்கக்கூடும். ஆகவே எட்டாண்டு முழுவதையும் சிகரெட்டின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் 2022இல் பிரிட்டனின் நோயாளர் பதிவேட்டிலும் இதே போக்கே தெரிந்தது: புகையை விட்டவர்களின் கை கால் தளர்ச்சி, ஒருபோதும் புகைக்காத நோயாளிகளின் வேகத்துக்கே குறைந்திருந்தது.

காரணம் என்ன? சுவீடனில் புகையிலைத் தூளை உதட்டுக்குள் ஒதுக்கும் வழக்கம் உண்டு. அவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படவில்லை. எனவே குற்றவாளி நிக்கோட்டின் அன்று, நுரையீரலை எரிச்சலூட்டும் புகையே என்று வைத்தியர்கள் கருதுகின்றனர். அங்கே தூண்டப்பட்ட அணுக்கள்தாம் நரம்பைத் தாக்கச் செல்கின்றனவாம். (இதைக் கேட்டு வெற்றிலையோடு புகையிலை சேர்த்துவிடாதீர்கள், வாய்ப்புற்று காத்திருக்கிறது.) நிக்கோட்டின் பசையும் ஒட்டும் பட்டையும் சிகரெட்டை விடத் துணையாகும். அரசாங்கக் கிளினிக்குகளில் புகை நிறுத்தும் பிரிவை விசாரியுங்கள்.

அரித்துப்போன நரம்பைச் சிகரெட்டை விடுவது மீட்டுத் தராது. வைத்தியர் கொடுத்த மருந்துக்கு அது மாற்றும் ஆகாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். அடுத்த முறை நரம்பு வைத்தியரிடம் போகும்போது, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.