பிரஸ்ஸில் டை மாற்றும் நேரமும் நம் கிடங்கின் சரக்கும்

டின் மூடி, டப்பா, கரண்டி, தட்டு போன்ற தகரச் சாமான்களை நாம் ஆர்டர் கொடுத்து வாங்கும்போது, "பன்னிரண்டாயிரத்துக்குக் குறைந்தால் ஓட்ட முடியாது" என்று பட்டறைக்காரர் சொல்வதைக் கேட்டிருப்போம். அவர் பேராசையால் அப்படிச் சொல்வதில்லை. ஒரு டையைக் கழற்றி வேறு டையை மாட்டுவதற்குள் அவருடைய பிரஸ் வெகுநேரம் சும்மா நின்றுவிடுகிறது. அந்த நேரத்தை எப்படிக் குறைக்கலாம் என்று ஜப்பானில் கண்டறிந்த முறையை வணிகர்களாகிய நாமும் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் நம் கிடங்கில் முடங்கும் முதலைக் குறைக்கக்கூடியது.

1950-ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் மூன்று சக்கர வண்டிகள் செய்துவந்த டோயோ கோக்யோ ஆலைக்கு ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியியல் ஆலோசகர் சென்றார். இன்று மஸ்தா என்று நாம் அறியும் நிறுவனம் அது. அங்கே பெரிய பிரஸ்களிலிருந்து போதிய சரக்கு வரவில்லை; புது எந்திரம் வாங்குவதுதான் வழி என்ற பேச்சு இருந்தது. ஷிங்கோ முதலில் எந்திரத்தின் அருகில் நின்று நேரம் குறிக்கத் தொடங்கினார். 800 டன் பிரஸ்ஸில் டை மாற்றும்போது, மாட்ட வேண்டிய போல்ட் ஒன்றைக் காணவில்லை. தொழிலாளி அதைத் தேடிப் போய், ஒரு மணி நேரம் கழித்து வேறு எந்திரத்துக்குரிய நீளமான போல்ட்டை அளவாக வெட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு நேரமும் பிரஸ் நின்றது. அந்த வேறு எந்திரத்துக்கு நாளை போல்ட் வேண்டுமானால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி.

அங்கேதான் ஷிங்கோவுக்கு ஒன்று விளங்கியது. டை மாற்றும் வேலை ஒரே வேலையல்ல, இரண்டு வகை. டையைக் கழற்றுவது, மாட்டுவது போன்றவற்றை எந்திரத்தை நிறுத்தித்தான் செய்ய முடியும். இவற்றை உள்வேலை என்போம். போல்ட்டையும் ஸ்பேனரையும் எடுத்து வைப்பது, அடுத்த டையைக் கொண்டுவருவது, கழற்றிய டையை அலமாரியில் வைப்பது போன்றவற்றை எந்திரம் ஓடும்போதே செய்யலாம். இவை வெளிவேலை. அந்தந்த டைக்குரிய போல்ட்களைத் தனித்தனிப் பெட்டியில் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் ஏற்பாடு செய்ததில், அந்த ஆலையில் வேலைத்திறன் ஏறத்தாழ பாதி அளவு கூடியது.

இதை நமக்குப் பழக்கமான ஒரு மூடிப் பட்டறையில் பொருத்திப் பார்ப்போம். டை மாற்ற 90 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். புது டையைக் கொண்டுவர 15, போல்ட், ஸ்பேனர் தேட 10, பழைய டையைக் கழற்ற 10, புது டையைத் துடைத்துப் பார்க்க 10, மாட்டி இறுக்க 15, பிரஸ்ஸின் உயரத்தைச் சரிசெய்ய 15, ஒத்திகை அடித்துப் பார்த்துத் திருத்த 10, பழைய டையை வைத்துவர 5. இப்படிப் பிரித்து எழுதினாலே விஷயம் தெரிந்துவிடும். கொண்டுவருவது, தேடுவது, துடைப்பது, திருப்பி வைப்பது ஆகிய நான்கும் வெளிவேலை. அவை 40 நிமிடம். பைசா செலவில்லாமல் நிற்கும் நேரம் 50 நிமிடமாகிறது.

அடுத்த படி, உள்வேலையாக இருப்பதையே வெளிவேலையாக மாற்றுவது. 1969-ல் டொயோட்டா ஆலையின் 1,000 டன் பிரஸ்ஸில் டை மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஆறு மாத முயற்சியில் ஷிங்கோ அதை 90 நிமிடமாக்கினார். பிறகு நிர்வாகம் மூன்று நிமிடத்துக்குள் வேண்டும் என்று கேட்டது. அப்போதுதான் இந்த இரண்டாவது படி அவருக்குத் தோன்றியது. மூன்று மாதத்தில் அதையும் சாதித்தார்கள்.

நம் மூடிப் பட்டறையில் உயரம் சரிசெய்யும் வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு டையும் ஒவ்வொரு உயரமாக இருப்பதால்தான் அந்த 15 நிமிடம். குட்டையான டைகளின் அடியில் கனமான தகடு வைத்து நிரந்தரமாகப் பிணைத்து, எல்லா டைகளையும் ஒரே உயரமாக்கிவிட்டால், சரிபார்க்க 3 நிமிடம் போதும். போல்ட்டும் அப்படித்தான். பதினைந்து சுற்று சுற்றினாலும் இறுக்கம் கிடைப்பது கடைசிச் சுற்றில் மட்டுமே, மற்றவை வீண். பிடிக்கும் இடத்தின் கனத்தை எல்லா டைகளிலும் ஒன்றாக்கி, பக்கவாட்டில் நுழையும்படி வெட்டுள்ள வாஷரைப் போட்டால், நட்டை முழுதும் கழற்றாமல் ஒரு சுற்றுத் தளர்த்தினால் போதும். அப்போது கழற்ற 5, மாட்ட 7, உயரத்துக்கு 3, ஒத்திகைக்கு 5 என்று 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். மணிக்கு 1,200 மூடி அடிக்கும் பிரஸ்ஸில் 12,000 மூடி என்பது பத்து மணி நேர வேலை. 90 நிமிட நிறுத்தத்தை அதில் பங்கிட்டால் மணிக்கு 9 நிமிடம் நஷ்டம். நிறுத்தம் 20 நிமிடமானால், அதே 9 நிமிட விகிதத்தில் ஏறத்தாழ 2,700 மூடி அடித்தாலே கட்டுபடியாகும். மாதம் 3,000 மூடி செலவாகும் கடைக்கு முன்பு நான்கு மாதச் சரக்கு கிடங்கில் இருந்தது. இனி ஒரு மாதத்துக்கும் குறைவான சரக்கு போதும். துருப்பிடிப்பதும் குறையும், அளவு மாறினால் தேங்குவதும் குறையும்.

இதில் தவறும் இடங்களும் உண்டு. வெளிவேலையைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். கையால் தகடு ஊட்டும் பிரஸ்ஸை விட்டு ஓட்டுபவர் நகர முடியாது, நகரவும் கூடாது, கை போய்விடும். ஒரே ஆள் உள்ள பட்டறையில் இந்த வேலைகளை முதல்நாள் மாலையே முடித்து வைக்க வேண்டும். டையின் முனை மழுங்கியிருப்பதை மாட்டிய பிறகு கண்டால், மிச்சமான நேரமெல்லாம் போய்விடும். ஆகவே கழற்றியவுடனேயே பார்த்துத் தீட்டிவிட்டு அலமாரியில் வைக்க வேண்டும். நேரத்தைக் குறைத்த பின்னும் பட்டறைக்காரர் பழையபடி பன்னிரண்டாயிரமே அடித்தால், அவருக்கு மூடிகள் சற்றுக் கூடுதலாகக் கிடைக்குமே தவிர நமக்குப் பலன் ஒன்றுமில்லை.

பட்டறைக்குப் போகும்போது இரண்டைக் கவனியுங்கள். பழைய சரக்கின் கடைசி நல்ல மூடிக்கும் புதுச் சரக்கின் முதல் நல்ல மூடிக்கும் இடையே எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். டையை மாட்டி முடித்த நேரத்தைக் கணக்கில் கொள்ளாதீர்கள். பிரஸ் நிற்கும்போது ஆள் எழுந்து நடக்கிறாரா என்றும் பாருங்கள். நடந்தால், வெளிவேலை இன்னும் உள்ளே கலந்திருக்கிறது என்று பொருள். அதை எடுத்துச் சொல்லி, சிறு ஆர்டருக்கு விலை பேசலாம்.